சராசரிக் கோடும் பிள்ளையின் இடமும்

(புள்ளியியல் அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்தப்பட்ட அச்சு வடிவம்)



மதிப்பெண் பதிவேடு கணினிக்கு வந்த பிறகு நம் பள்ளிகளில் ஒரு படம் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஆசிரியர் திறக்கும் டாஷ்போர்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் இருக்கும். முதல் இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, இரண்டாம் இடைப்பருவத் தேர்வு, அரையாண்டு என நான்கு புள்ளிகளை இணைக்கும் நீலக் கோடு பிள்ளையினுடையது. பக்கத்தில் ஓடும் சாம்பல் நிறக் கோடு வகுப்புச் சராசரி. நீலம் மேலே இருந்தால் பச்சை அம்பு, கீழே போனால் சிவப்பு அம்பு. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டுகிறோம். அம்மாவோ அப்பாவோ முதலில் பார்ப்பது அம்பின் நிறத்தைத்தான்.

இந்தப் படத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நாற்பது பிள்ளைகளின் நான்கு தேர்வுகளை மனத்தில் வைத்துக்கொள்ள எந்த ஆசிரியராலும் முடியாது, படம் வேண்டும். ஆனால் அதில் நிலையாக நிற்பதுபோல் தோன்றும் அந்தச் சாம்பல் கோடு உண்மையில் ஒவ்வொரு தேர்விலும் இடம் மாறுகிறது. எதனால் மாறியது என்று சேர்த்துச் சொல்லாத டாஷ்போர்டு, அசையாமல் இருக்கும் பிள்ளையை அசைத்துக் காட்டும். சரிந்துகொண்டிருக்கும் பிள்ளையை மறைத்துவிடும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை வைத்து, நான்கு பகுதிகளாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு வரும் மதிப்பெண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

1. சராசரி யாருடையது?

நாற்பது பேர் உள்ள வகுப்பு. காலாண்டில் நாற்பது பேரும் எழுதினார்கள். முப்பத்தாறு பேரின் சராசரி 60, மற்ற நால்வரின் சராசரி 30. வகுப்புச் சராசரி 57. அரையாண்டில் அந்த நால்வரும் வரவில்லை. மீதி முப்பத்தாறு பேரும் காலாண்டில் எடுத்த அதே மதிப்பெண்ணை எடுத்தார்கள். இப்போது சராசரி 60. ஒரு பிள்ளைகூட ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுக்கவில்லை. ஆனாலும் வகுப்பு மூன்று மதிப்பெண் முன்னேறியதாகக் கோடு ஏறுகிறது. இரண்டு தேர்விலும் 58 எடுத்த பிள்ளை, காலாண்டில் சராசரிக்கு மேலே இருந்து அரையாண்டில் கீழே போனதாகச் சிவப்பு அம்பு வாங்குகிறது.

வராதவர்களுக்கு 0 போட்டால் தவறு எதிர்ப்பக்கம் திரும்பும். முப்பத்தாறு பேரின் கூட்டுத்தொகை 2160. அதை நாற்பதால் வகுத்தால் 54. அதே 58 இப்போது சராசரிக்கு நான்கு மேலே. விடைத்தாளில் எதுவும் மாறவில்லை. வராதவர் கட்டத்தில் என்ன தட்டச்சு செய்தோம் என்பதுதான் மாறியது.

விரிதாளில் இது எப்படி நேர்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டாலும், AB என்று எழுதினாலும், AVERAGE அதைக் கணக்கில் எடுக்காது. 0 என்று எழுதினால் எடுத்துக்கொள்ளும். AVERAGEA என்று அதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அது AB என்ற எழுத்தையும் 0 ஆகவே எண்ணும். கூட்டுத்தொகையை வகுப்பின் எண்ணிக்கையால் கையால் வகுத்தாலும் விளைவு அதுதான். வரைபடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெற்று எழுத்தைத் திருப்பித் தரும் சூத்திரம் இருக்கும் கட்டத்தை எக்செல் கோட்டு வரைபடம் 0 என்று வரைந்துவிடும். அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பிள்ளையின் கோடு தரைக்கு விழுந்து எழும். அந்த இடத்தில் NA() கொடுத்தால் புள்ளி விழாது.

என் பரிந்துரை எளிது. சராசரி எண்ணுக்கு அடியில், தேர்வை எழுதியவர்களின் எண்ணிக்கையை எப்போதும் அச்சிடுங்கள். இரண்டு தேர்வுகளின் சராசரியை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். வராத நால்வரைத் தனியே பட்டியலிடுங்கள். அந்த நால்வரும் காலாண்டில் 30 எடுத்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். தேர்வுக்கு வராமல் போவது பெரும்பாலும் தற்செயலாக நடப்பதில்லை. பயந்த பிள்ளைதான் முதலில் வராமல் நிற்கும். டாஷ்போர்டில் அவர்களுக்கு எந்த நிற அம்பும் இருக்காது. அக்கறை முதலில் போக வேண்டிய இடம் அதுவே.

2. பரவல் இல்லாத இடைவெளி

இரண்டாவது பகுதியில் சற்று நேரம் நிற்கப் போகிறேன். பிழைகளில் பெரியது இங்கேதான்.

கயல் என்ற மாணவி, முருகன் என்ற மாணவன் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பருவத் தேர்வுகள் 50 மதிப்பெண்ணுக்கு. அவற்றை இரட்டிப்பாக்கி 100க்கு மாற்றியிருக்கிறோம். கயலின் மதிப்பெண்கள் வரிசையாக 62, 58, 74, 60. வகுப்புச் சராசரி 54, 46, 70, 52. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவர், இரண்டாம் இடைப்பருவத் தேர்வில் கயல் 16 ஏறிவிட்டாள் என்று பாராட்டுவார். சராசரியோடு ஒப்பிடுகிறவர், காலாண்டில் 12 ஆக இருந்த இடைவெளி 4 ஆகச் சுருங்கிவிட்டது, பிள்ளை கவனம் சிதறுகிறாள் என்பார். ஒரே பிள்ளை, ஒரே விடைத்தாள், நேரெதிரான இரண்டு தீர்ப்புகள்.

இரண்டுமே தவறு. ஏன் என்று பார்க்க, மற்ற பிள்ளைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறியிருந்தார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கான அளவுதான் திட்ட விலக்கம். நான்கு தேர்வுகளிலும் அது முறையே 16, 24, 8, 20. சராசரியிலிருந்து கயல் இருந்த இடைவெளியை அந்தந்தத் தேர்வின் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் தேர்வில் 8ஐ 16ஆல் வகுக்க 0.5. காலாண்டில் 12ஐ 24ஆல் வகுக்க 0.5. மூன்றாவதில் 4ஐ 8ஆல் வகுக்க மறுபடியும் 0.5. அரையாண்டில் 8ஐ 20ஆல் வகுக்க 0.4. கயல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தாள். பாராட்டும் வீண், கண்டிப்பும் வீண்.

முருகனின் மதிப்பெண்கள் 60, 46, 66, 36. காலாண்டில் சரியாகச் சராசரியில் நின்றான். இரண்டாம் இடைப்பருவத் தேர்வில் 20 மதிப்பெண் ஏறினான்; சராசரிக்கு 4தான் குறைவு. மதிப்பெண் ஏற்றத்தை மட்டும் பார்க்கும் டாஷ்போர்டு பச்சை அம்பு தரும். இடைவெளியைப் பார்க்கும் டாஷ்போர்டு சிவப்பு அம்பு தந்தாலும், 4தானே என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் அந்தத் தேர்வில் வகுப்பே 70ஐச் சுற்றி நெருக்கமாக நின்றது. அங்கே 4 குறைவது பெரிய தூரம். வகுத்துப் பார்த்தால் முருகனின் இடம் 0.4, 0, −0.5, −0.8. படிப்படியாக இறங்குகிறான். அரையாண்டில் 36 எடுத்தபோதுதான் எல்லாரும் திடுக்கிடுகிறார்கள். திடுக்கிட வேண்டியது ஒரு தேர்வுக்கு முன்பே, அந்தப் பச்சை அம்பு தெரிந்த நாளில்.

பரவல் ஏன் இப்படி மாறுகிறது? இடைப்பருவத் தேர்வுக்கு அண்மையில் நடத்திய ஓரிரு பாடங்கள்தான் வரும். கேள்விகளும் பெரும்பாலும் புத்தகப் பயிற்சியிலிருந்தே. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நெருங்கி நிற்பார்கள். காலாண்டில் பாடங்கள் கூடும், புத்தகத்துக்கு வெளியே யோசிக்கவைக்கும் வினாக்களும் வரும், வகுப்பு விரியும். வினாத்தாளின் கடினமும் அதன் அகலமும் இப்படி ஒவ்வொரு முறையும் மாறும்போது, ஒரு தேர்வின் 4 மதிப்பெண்ணும் இன்னொரு தேர்வின் 12 மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கலாம்.

செய்வதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும். மதிப்பெண்கள் D நிரலில் 5ஆம் வரிசையிலிருந்து 44ஆம் வரிசைவரை இருந்தால்:

```
=IF(ISNUMBER(D5),(D5-AVERAGE(D$5:D$44))/STDEV.P(D$5:D$44),NA())
```

வராதவர் கட்டத்தில் AB இருந்தால் இது புள்ளி போடாமல் விட்டுவிடும். மற்றவர்களுக்கு 0 என்பது எல்லாத் தேர்விலும் வகுப்பின் நடு. நான்கு தேர்வுகளும் இப்போது ஒரே அளவுகோலுக்கு வந்துவிடுகின்றன.

ஆசிரியர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் எட்டாவது இயலில் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கின்றன. அதைக் கரும்பலகையில் நடத்திவிட்டு வரும் நாமே, நம் மார்க் லிஸ்டில் சராசரியோடு நிறுத்திவிடுகிறோம். அந்த இயலை நடத்தும்போது, பெயரை நீக்கிவிட்டு வகுப்பின் சொந்த மதிப்பெண்களையே கணக்குக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் அது எதற்கென்று புரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வகுப்பு இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தால், அதாவது பாதிப் பேர் 35ஐ ஒட்டியும் பாதிப் பேர் 80ஐ ஒட்டியும் இருந்தால், சராசரி 57 என்பது எந்தப் பிள்ளையும் இல்லாத இடம். அப்போது திட்ட விலக்கமும் கைகொடுக்காது. அதைக் கண்டுபிடிக்க, பத்துப் பத்து மதிப்பெண்ணாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஒரு பட்டை வரைபடம் போட்டால் போதும். நடுவில் பள்ளம் தெரியும். பள்ளம் தெரிந்தால் இரு கூட்டத்தையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

3. மதிப்பெண்ணின் தள்ளாட்டம்

அதே பிள்ளை, அதே படிப்பு, வேறொரு வினாத்தாள். மதிப்பெண் அதேதான் வருமா? வராது. தெரிந்த கணக்கு வந்திருக்கலாம், வராமல் போயிருக்கலாம். படிநிலை மதிப்பெண் போடுவதில் திருத்துபவர் தாராளமாக இருந்திருக்கலாம். காலையில் பேருந்தைத் தவறவிட்டிருக்கலாம். இந்தத் தள்ளாட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. தேர்வின் நம்பகத்தன்மைக் கெழுவை 1இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் பெருக்க வேண்டும். கெழு 0.84 என்று வைத்துக்கொண்டால் (பள்ளி அளவில் இது நல்ல தேர்வுதான்), 0.16இன் வர்க்கமூலம் 0.4. திட்ட விலக்கம் 20 என்றால் தள்ளாட்டம் 8 மதிப்பெண். இரண்டு தேர்வுகளின் வித்தியாசத்தில் இரு தள்ளாட்டங்களும் சேர்வதால் அது 11க்கு மேல் போகிறது.

இதற்கு என்ன பொருள் என்றால், எந்தப் பிள்ளையின் படிப்பிலும் எந்த மாற்றமும் நடக்காத வகுப்பிலேயே, ஏறக்குறைய மூவரில் ஒருவர் 11 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறியோ இறங்கியோ தெரிவார். நம் டாஷ்போர்டுகளோ ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கே அம்பு போடுகின்றன. 50 மதிப்பெண் தேர்வை இரட்டிப்பாக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: கேள்விகள் குறைவு என்பதால் நம்பகத்தன்மை குறைகிறது, ஒரு மதிப்பெண் சறுக்கலும் இரண்டாகிறது.

இதிலிருந்து பிறக்கும் மயக்கம் ஒன்று நம் எல்லாருக்கும் பழக்கமானது. காலாண்டில் கடைசி எட்டுப் பேரைப் பிரித்து, மெல்லக் கற்போர் என்று பெயரிட்டு, மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். அடுத்த தேர்வில் எட்டில் ஐந்தாறு பேர் ஏறிவிடுகிறார்கள். சிறப்பு வகுப்பின் வெற்றி என்று அறிக்கை எழுதுகிறோம். ஆனால் அந்த எட்டுப் பேரில் உண்மையிலேயே பாடம் வராதவர்களும் இருந்தார்கள், அன்றைய நாள் சரியில்லாதவர்களும் இருந்தார்கள். இரண்டாம் வகையினர் சிறப்பு வகுப்பு இல்லாமலே ஏறியிருப்பார்கள். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருந்தார்கள். ஓரத்தில் இருப்பது அடுத்த அளவீட்டில் நடுவை நோக்கி வரும்.

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இஸ்ரேலிய விமானப் பயிற்சியாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான். ஆகவே திட்டுதான் பலன் தருகிறது என்று அந்தப் பயிற்சியாளர்கள் நம்பினார்கள். பாராட்டாமல், திட்டாமல் விட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். நம் ஆசிரியர் அறைகளில் 'கொஞ்சம் கண்டிச்சாத்தான் பசங்க வழிக்கு வர்றாங்க' என்று கேட்கும் பேச்சுக்குப் பின்னாலும் பெரும்பகுதி இதுதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இதற்காகப் பிள்ளைகள் வாங்கிய திட்டுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

சிறப்பு வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வை மட்டும் நம்பாதீர்கள். முதல் இடைப்பருவத் தேர்வையும் காலாண்டையும் சேர்த்துப் பாருங்கள். பலன் கிடைத்ததா என்பதை அரையாண்டையும் முதல் திருப்புதல் தேர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். முருகனை மறுபடி எடுத்துக்கொண்டால், அவன் ஒவ்வொரு படியாக இறங்கிய தூரம் தனித்தனியே தள்ளாட்டத்துக்குள் அடங்கும். காலாண்டு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவசரம். ஆனால் இரண்டு படிகள் ஒரே திசையில் போய், மொத்தம் 0.9 ஆனபோது அதைத் தள்ளாட்டம் என்று விட முடியாது. கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம் அது.

4. ஒரே மதிப்பெண், வேறு வேறு பிள்ளைகள்

இதுவரை சொன்ன எல்லாத் திருத்தங்களும் செய்த பிறகும், டாஷ்போர்டு ஒரு பிள்ளை வகுப்பில் எங்கே நிற்கிறது என்றுதான் சொல்லும். வகுப்பு முழுவதுமே நன்றாகக் கற்றுக்கொண்டால் எல்லாருடைய கோடும் அசையாமல் இருக்கும். கற்றதைப் பார்க்க வினாவாரியாகத்தான் போக வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை நீங்கள் அறிவீர்கள். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, வடிவியல் வரைதலும் வரைபடமுமாக எட்டு மதிப்பெண் 2. இரண்டு பிள்ளைகள் 46 எடுக்கிறார்கள். ஒருவருக்கு வரைதலும் வரைபடமும் 16, ஒரு மதிப்பெண்ணில் 12, இரண்டு மதிப்பெண்ணில் 18. ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றுமில்லை. இன்னொருவருக்கு ஐந்து மதிப்பெண்ணில் 30, மற்ற இரண்டிலும் எட்டு எட்டு, வரைதலில் 0. இரண்டாமவருக்கு வரைகருவிப் பெட்டி வாங்கிக்கொடுத்து இரண்டு வாரம் பழக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதலாமவர் பயிற்சியால் எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பல படிகளில் யோசிக்க வேண்டிய கணக்கைத் தொடவே இல்லை. மேல்நிலை வகுப்பில் கணக்குப் பிரிவு எடுத்தால் சிரமப்படப் போகிறவர் இவர்தான். டாஷ்போர்டில் இருவருக்கும் ஒரே புள்ளி.

ஜப்பானில் தகாஹிரோ சாதோ 1970களில் இதற்கென ஓர் அட்டவணை வகுத்தார். பிள்ளைகளை மொத்த மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழாகவும், வினாக்களை அதிகம் பேர் சரியாக எழுதியதிலிருந்து இடமிருந்து வலமாகவும் அடுக்கி, சரிக்கு 1, தவறுக்கு 0 போடுவது. வழக்கமான வகுப்பில் 1கள் இடது மேல் மூலையில் குவியும். எளிய வினாக்களைத் தவறவிட்டுக் கடின வினாக்களைச் சரியாக எழுதிய பிள்ளையின் வரிசை அங்கே தனித்துத் தெரியும். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்ட வினா தனி நிரலாகத் தெரியும். வினாவே சரியில்லையா, நாம் நடத்தியது சரியில்லையா என்று அந்த நிரல் நம்மைக் கேட்கும். எல்லா வினாவுக்கும் இதைச் செய்ய நேரமில்லை என்றால் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14க்கு மட்டும் செய்யுங்கள். ஒரு பாட வேளையில் பிள்ளைகளே தாளைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பொதுத் தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் மோதவிட வேண்டாம் என்று எடுத்த நல்ல முடிவு அது. வகுப்புச் சராசரிக்கு மேலே பச்சை, கீழே சிவப்பு என்று வீட்டுக்கு அனுப்பும் படம், அந்த ரேங்கை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருகிறது. எல்லாரும் ஒரே மதிப்பெண் எடுத்தாலொழிய, எந்த வகுப்பிலும் சிலர் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள். எவ்வளவு உழைத்தாலும் அது மாறாது. ஆகவே, சராசரிக் கோட்டை ஆசிரியரின் திரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் எழுதியவர் எண்ணிக்கையும் திட்ட விலக்கமும் அதன் கீழே இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் படத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் விடைத்தாளை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கணக்கு வந்தது, எது எந்தப் படியில் நின்றுபோனது என்று அம்மாவுக்கு அதில் விரலை வைத்துக் காட்டுங்கள். வரும் அரையாண்டிலிருந்தே இதைத் தொடங்கலாம்.